சின்ன ஸ்டார்ட்அப்பிலிருந்து இன்னொரு சின்ன ஸ்டார்ட்அப்புக்கு: செய்த வேலையை எப்படிக் காட்டுவது

ஒரு நிறுவனத்தின் முதல் பத்துப் பேரில் ஒருவராக வேலை பார்த்தவர் அடுத்த வேலை தேடும்போது ஒரு சிக்கல் வரும். செய்த வேலைக்குப் பெயர் இருக்காது. கஸ்டமர் சப்போர்ட் என்று சேர்ந்திருப்பார். டேட்டா ஏற்றியிருப்பார், டெமோ காட்டியிருப்பார், பில் போட்டிருப்பார், அலுவலகத்துக்கு இன்டர்நெட் இணைப்பு வாங்கியிருப்பார். இதையெல்லாம் ரெஸ்யூமேயில் வரிசையாக எழுதினால் எதிலும் நிலைக்காதவர் போலத் தெரியும். எழுதாமல் விட்டால் வெறும் சப்போர்ட் ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சென்னையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் ஐந்தாவது ஆளாகச் சேர்ந்தேன். மளிகை மொத்த வியாபாரிகள் கடைகளிடமிருந்து ஆர்டர் எடுக்கவும் பாக்கி வசூலிக்கவும் உதவும் செயலி அது. இரண்டு வருடத்தில் பணம் தீர்ந்து நிறுவனம் மூடப்பட்டது. அதன்பின் இதே அளவுள்ள இன்னொரு நிறுவனத்தில் சேர்ந்தேன். இப்போது அங்கே புதியவர்களை நேர்காணல் செய்யும் பக்கத்திலும் உட்காருகிறேன். இரண்டு பக்கமும் பார்த்ததில் தெரிந்துகொண்டதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

சின்ன நிறுவனத்தின் நிறுவனர் ஆள் எடுக்கும்போது பார்ப்பது மூன்று விஷயங்கள். சொல்லாமலே ஒரு வேலையைத் தன் தலைமேல் போட்டுக்கொண்டு கடைசிவரை கொண்டுபோவாரா, தன் எல்லையைத் தாண்டிப் பக்கத்து வேலைக்கும் கை நீட்டுவாரா, தெரியாததை எத்தனை நாளில் பிடிப்பார். இந்த மூன்றையும் மூன்று தனித்தனிக் குணங்களாகச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நடந்த ஒரே ஒரு விஷயத்தை முழுதாகச் சொன்னால் மூன்றும் அதற்குள்ளேயே தெரியும். இந்தக் கட்டுரை அந்த ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுப்பது, எழுதுவது, கேள்விக்குத் தாங்குகிறதா என்று பார்ப்பது பற்றித்தான்.

முதல் படி: வெளியே வரும் முன் நினைவைத் திரட்டுங்கள்

வேலையை விட்ட மூன்று மாதத்தில் பாதி மறந்துவிடும். என்ன செய்தோம் என்பது நினைவிருக்கும். எத்தனை நாள் ஆனது, முதலில் எது தப்பாகப் போனது என்பதெல்லாம் நினைவிருக்காது. நிறுவனர் கேட்பது அதைத்தான்.

அதனால் உள்ளே இருக்கும்போதே ஒரு மாலை உட்கார்ந்து உங்கள் காலண்டரையும், நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்களையும், வாட்ஸ்அப் குழுக்களையும் மாதவாரியாகப் புரட்டுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் நான்கைந்து வரி போதும். சொந்த நோட்டில், உங்கள் வார்த்தைகளில் எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மின்னஞ்சலை உங்கள் சொந்தக் கணக்குக்கு அனுப்பிக்கொள்வது, வாடிக்கையாளர் பட்டியலையோ நிரலையோ நகல் எடுப்பது, விற்பனைக் கணக்கைப் படம் பிடிப்பது எதையும் செய்யாதீர்கள். உங்கள் பணி ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு விதி அநேகமாக இருக்கும். அதைவிட முக்கியமாக, பழைய நிறுவனத்தின் ஃபைலைத் திறந்து காட்டுகிறவரைப் பார்த்தால், நாளைக்கு நம் ஃபைலையும் இப்படித்தானே காட்டுவார் என்றுதான் எதிரே இருப்பவர் நினைப்பார். வாடிக்கையாளர் பெயருக்குப் பதில் ‘சேலத்து மளிகை மொத்த வியாபாரி ஒருவர்’ என்றால் போதும். நாள் கணக்கைச் சொல்லலாம், நிறுவனத்தின் வருமானத்தைச் சொல்ல வேண்டாம்.

இரண்டாம் படி: பட்டியலிலிருந்து ஒன்றை எடுங்கள்

என் பட்டியலில் முப்பதுக்கு மேல் இருந்தன. அதில் எதை எடுப்பது என்று முடிவு செய்ய ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகளில் போட்டுப் பார்த்தேன். இதைச் செய்யச் சொல்லி யாராவது சொன்னார்களா? ஆரம்பிக்கும்போது எனக்கு இதில் என்ன தெரியாது? முடிந்தபிறகு யாருடைய வேலை மாறியது?

முதல் கேள்விக்கு ‘யாரும் சொல்லவில்லை’ என்று பதில் வந்தால் அதில் பொறுப்பேற்பு இருக்கிறது. இரண்டாவதற்குத் தெளிவான பதில் இருந்தால் கற்றல் இருக்கிறது. மூன்றாவதில் உங்கள் துறைக்கு வெளியே இருக்கும் ஒருவர் வந்தால் வீச்சு இருக்கிறது. மூன்றுக்கும் பதில் வரும் விஷயம் இரண்டு வருடத்தில் இரண்டோ மூன்றோதான் தேறும். அது போதும்.

பெரிய விஷயமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துப் பலர் தவறானதை எடுக்கிறார்கள். ‘நிறுவனம் நிதி திரட்டியபோது நானும் உடன் இருந்தேன்’ என்பது பெரிய விஷயம்தான், ஆனால் அதில் உங்கள் கை எங்கே என்று கேட்டால் பதில் இருக்காது. நான் எடுத்தது பார்க்கச் சின்னது. அதை முழுதாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு மேல் வரும் படிகளெல்லாம் இதை வைத்துத்தான்.

புது வியாபாரி ஒருவர் எங்கள் செயலியை வாங்கியதும், அவர் கணக்கு எழுதும் டேலி மென்பொருளிலிருந்து பொருள் பட்டியலையும் கடைகளின் பாக்கியையும் எடுத்து எங்களிடம் ஏற்ற வேண்டும். இதற்குச் சராசரியாக 11 வேலைநாள் ஆனது. அந்த 11 நாளில் வியாபாரி சலித்துப்போய்ப் பழைய நோட்டுக்கே திரும்பிவிடுவார். என் வேலை, அவர் கோபமாகப் போன் செய்தால் சமாதானம் சொல்வது. எத்தனை முறைதான் ஒரே சமாதானத்தைச் சொல்வது என்று யோசித்து, தாமதம் எங்கே ஆகிறது என்று கடைசி எட்டு வாடிக்கையாளர்களின் தேதிகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். செயலியில் ஏற்றுவதற்கு ஆனது அரை நாள்தான். மீதியெல்லாம் எங்களுக்கும் வியாபாரியின் கணக்கருக்கும் நடுவே ஃபைல் போய்த் திரும்பி வந்த நாட்கள்.

எனக்கு டேலி தெரியாது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வியாபாரியின் கணக்கரிடம் அனுமதி கேட்டு, மூன்று மதியம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கேதான் காரணம் தெரிந்தது. ஒரே எண்ணெய்ப் பாக்கெட் அவர் கணக்கில் மூன்று பெயரில் இருந்தது: ‘சன்பிளவர் ஆயில் 1 லி’, ‘சன்ஃபிளவர் 1 லிட்’, ‘எஸ்.எஃப். ஆயில் 1’. அவருக்கு மூன்றும் ஒன்று என்று தெரியும், எங்கள் செயலிக்குத் தெரியாது. ஏற்றியபின் இருப்பு ஒத்துவராமல் திருப்பி அனுப்புவோம். எது தப்பு என்று சொல்லாமல் அனுப்புவோம். அதனால் அவர் வேறு எதையோ திருத்தி மறுபடி அனுப்புவார்.

நான் ஒரு எக்செல் படிவம் செய்தேன். டேலியிலிருந்து வந்த பட்டியலை அதில் ஒட்டினால், ஒன்று போலிருக்கும் பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவரும், ஜி.எஸ்.டி.க்குத் தேவையான எச்.எஸ்.என். எண் விடுபட்ட பொருட்களுக்கு நிறம் காட்டும். கணக்கர் ஒரே உட்காரலில் திருத்திவிடலாம்.

அப்புறம் ஒரு தப்பு செய்தேன். பாக்கிப் பட்டியலை ஏற்றும்போது, முன்பணம் கொடுத்திருந்த கடைகளெல்லாம் கடன் வைத்த கடைகளாக ஏறிவிட்டன. 41 கடைகளுக்கு ‘உங்கள் பாக்கியைச் செலுத்துங்கள்’ என்று செய்தி போனது. காரணம் இதுதான்: டேலி எக்செல்லுக்கு அனுப்பும் தொகையில் பற்றா வரவா என்ற அடையாளம் அந்தக் கட்டத்தின் வடிவமைப்பில்தான் இருக்கிறது, எண்ணில் இல்லை. மதிப்பை மட்டும் எடுத்து வேறு தாளில் ஒட்டினால் அடையாளம் போய்விடும், எல்லாம் ஒரே பக்கத் தொகையாகிவிடும். அன்று மாலைக்குள் வியாபாரியிடம் நானே போனில் சொன்னேன், 41 கடைகளுக்கும் திருத்தச் செய்தி அனுப்பினோம். மறுநாள் படிவத்தில் ஒரு சரிபார்ப்பு சேர்த்தேன்: பட்டியலின் கூட்டுத்தொகையும் டேலியில் பாக்கி வைத்தவர்களைச் சேர்த்துக் காட்டும் ‘சண்ட்ரி டெப்டார்ஸ்’ தலைப்பின் நிகர இருப்பும் ஒன்றாக இல்லையென்றால் மேலே போகவிடாது.

ஏற்றியபின் சரிபார்க்க ஒவ்வொரு முறையும் டெவலப்பரைக் கேட்க வேண்டியிருந்தது. அவரிடம் தரவுத்தளத்தைப் படிக்க மட்டும் அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு, எண்ணிப் பார்க்கவும் கூட்டிப் பார்க்கவும் தேவையான அளவு எஸ்.க்யூ.எல். கற்றேன். இரண்டு வாரம் என் வினவல்களை அவர் பார்த்துத் திருத்தினார். மூன்றாவது வாரம் பார்ப்பதை விட்டுவிட்டார். கடைசியாக விற்பனையில் இருந்தவரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன்: ஒப்பந்தம் போடும் முன்பே டேலி பட்டியலை வாங்கிவிடுங்கள். அடுத்த 14 வாடிக்கையாளர்களுக்குச் சராசரியாக 4 வேலைநாள் ஆனது.

மூன்றாம் படி: அதை எழுதுங்கள்

என் முதல் ரெஸ்யூமேயில் இந்தக் கதை இப்படி இருந்தது: ‘வாடிக்கையாளர் சேவை, டேட்டா மைக்ரேஷன், விற்பனை உதவி எனப் பல பொறுப்புகளைக் கவனித்தேன். வேகமாகக் கற்பவர், பொறுப்புணர்வு மிக்கவர்.’ இதை வைத்து இருபது இடத்துக்கு மேல் விண்ணப்பித்தேன், ஒருவரும் கூப்பிடவில்லை.

மாற்றி எழுதியபின் அது இப்படி ஆனது: ‘புது வியாபாரியைச் செயலியில் ஏற்ற 11 வேலைநாள் ஆனது. தாமதம் டேலி ஃபைல் திரும்பித் திரும்பி வருவதால் என்று கண்டுபிடித்து, கணக்கரே திருத்தும் சரிபார்ப்புப் படிவம் செய்தேன். அடுத்த 14 பேருக்குச் சராசரி 4 நாள். இதற்காக டேலி ஏற்றுமதியும் அடிப்படை எஸ்.க்யூ.எல்.லும் வேலையிலேயே கற்றேன்.’ இதில் ‘பொறுப்பு’ என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் போகும். ஆனால் முதலில் தமிழில் யோசித்து எழுதினால் வெற்றுச் சொற்கள் தானாக உதிர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

எண் சின்னதாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். 14 வாடிக்கையாளர் என்பதை ‘பல வாடிக்கையாளர்கள்’ என்று மாற்றினால்தான் சந்தேகம் வரும். சின்ன நிறுவனத்தின் நிறுவனருக்கு 14 என்பது அவரே நேரில் பார்க்கும் அளவு, நம்பக்கூடிய அளவு.

வீச்சைக் காட்டுவதில் பலர் சறுக்குவது பட்டியல் போடுவதால். சப்போர்ட், டேட்டா, விற்பனை என்று மூன்று பெயரை அடுக்கினால் மூன்றும் அரைகுறை என்று தோன்றும். ஒரே பிரச்சினையைத் துரத்திக்கொண்டு போனதால் ஒரு துறையிலிருந்து அடுத்ததற்குப் போனீர்கள் என்று தெரிந்தால், அதே மூன்றும் இயல்பாகத் தெரியும். இன்டர்நெட் இணைப்பு வாங்கியதை நான் எழுதவே இல்லை.

நான்காம் படி: ‘நாங்கள்’ என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள்

நம் ஊர் வழக்கத்தில் ‘நான் செய்தேன்’ என்று சொல்லக் கூச்சம் வரும். ‘நாங்க பண்ணோம்’ என்போம். மரியாதையான பழக்கம்தான், ஆனால் நேர்காணலில் அது உங்களை மறைத்துவிடும். எதிர்த் திசையில் போய் எல்லாவற்றையும் ‘நான்’ ஆக்கினால், பழைய நிறுவனரிடம் ஒரு போன் செய்தால் வெளுத்துவிடும்.

ஒரு தாளில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். என் கதையில்: காரணம் கண்டுபிடித்தது, படிவம், வாடிக்கையாளரிடம் தவறைச் சொன்னது நான். திருத்தச் செய்தி அனுப்பும் வசதியை அன்று மாலையே செய்து கொடுத்தது டெவலப்பர். ஒப்பந்தத்துக்கு முன் பட்டியல் வாங்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தது விற்பனையில் இருந்தவர், நான் கேட்டுக்கொண்டதால். இப்படி மற்றவர் பங்கைத் துல்லியமாகச் சொல்கிறவர் சொல்லும் ‘நான்’ மீது நம்பிக்கை வரும்.

ஐந்தாம் படி: யாருக்கு, எப்படி அனுப்புவது

ஐந்திலிருந்து முப்பது பேர் வரை உள்ள நிறுவனத்தைத் தேடுங்கள். நூறைத் தாண்டினால் ஒவ்வொரு வேலைக்கும் தனித் துறை வந்திருக்கும். உங்கள் கதையைவிட உங்கள் பதவிப் பெயரைத்தான் அங்கே பார்ப்பார்கள். அங்கே இந்த வழி அவ்வளவாகப் பலிக்காது.

அனுப்பும் முன் அந்த நிறுவனத்தின் செயலியை நீங்களே பதிவு செய்து பயன்படுத்துங்கள், ப்ளே ஸ்டோரில் வாடிக்கையாளர்கள் எழுதிய குறைகளைப் படியுங்கள். உங்கள் பழைய பிரச்சினையின் சாயல் அங்கே எங்காவது இருக்கும். நான் இப்போது இருக்கும் நிறுவனம் மருந்து விநியோகஸ்தர்களுக்கான மென்பொருள் செய்கிறது. ‘எங்கள் மருந்துப் பட்டியலை ஏற்றவே முடியவில்லை’ என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். நிறுவனருக்கு நான் அனுப்பிய செய்தியின் சாரம் இவ்வளவுதான்:

‘உங்கள் செயலியில் பதிவு செய்து 50 பொருள் ஏற்றிப் பார்த்தேன். பேட்ச் எண் காலியாக இருந்தால் எந்த வரியில் பிழை என்று சொல்லாமல் முழு ஃபைலையும் தள்ளிவிடுகிறது. மளிகை மொத்த வியாபாரிகளுக்கு இதே போன்ற சிக்கலை 11 நாளிலிருந்து 4 நாளாகக் குறைத்திருக்கிறேன். எப்படி என்பதை ஒரு பக்கத்தில் இணைத்திருக்கிறேன். 20 நிமிடம் பேச முடியுமா?’

செயலியைக் குறை சொல்லும் தொனி வரக்கூடாது. பார்த்ததைச் சொல்லுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள். இந்த முன்வேலைக்கு ஒரு நிறுவனத்துக்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் செலவிடாதீர்கள். அவர்களே சோதனை வேலை கொடுத்தால் ஒரு நாள் அளவு வரை சரி. ஒரு வாரம் கேட்டால் சம்பளம் உண்டா என்று கேட்பதில் தப்பே இல்லை.

ஆறாம் படி: குடைந்து கேட்கும்போது

நல்ல நிறுவனர் ஒரே கதையில் நான்கைந்து கேள்வி ஆழம் போவார். என்னிடம் நடந்தது ஏறக்குறைய இப்படி.

‘பதினொன்றை நான்காக்கினீங்க, சரி. ஏன் இரண்டாகவில்லை?’

‘மீதி நாளில் பெரும்பகுதி கடைகளின் போன் எண்ணைச் சேகரிக்க ஆனது. அது வியாபாரியின் விற்பனைப் பையன்கள் கடை கடையாகப் போய் வாங்க வேண்டியது. நான் இரண்டு முறை முயன்றேன், குறைக்க முடியவில்லை.’

‘இந்தப் படிவம் எங்கே உடையும்?’

‘பத்தாயிரம் பொருளுக்கு மேல் போனால் எக்செல் திணறும். அப்புறம் பெயர் ஒப்பிடுவது எழுத்து ஒற்றுமையை வைத்துத்தான். 500 மில்லியும் 50 மில்லியும் ஒன்று போலக் காட்டும். மனிதக் கண் கட்டாயம் வேண்டும். மருந்தில் அது ஆபத்து, அப்படியே கொண்டுவர மாட்டேன்.’

‘எஸ்.க்யூ.எல். எவ்வளவு தெரியும்?’

‘இரண்டு மூன்று அட்டவணையைச் சேர்த்து எண்ணவும் கூட்டவும் தெரியும். மெதுவாக ஓடும் வினவலை வேகப்படுத்தத் தெரியாது.’

கற்கும் வேகத்தை நிரூபிப்பது இந்தக் கடைசி வகைப் பதில்தான். எங்கே உங்கள் அறிவு நிற்கிறது என்று கோடு போட்டுச் சொன்னால், கோட்டுக்கு இந்தப்பக்கம் உள்ளதை அவர் நம்புவார். ‘இரண்டு வாரம் திருத்தினார், மூன்றாவது வாரம் பார்ப்பதை நிறுத்தினார்’ என்பது போல, மற்றவர் எப்போது உங்களைச் சரிபார்ப்பதை விட்டார் என்ற தேதி இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். எத்தனை சான்றிதழ் இருந்தாலும் இந்த ஒரு தகவலுக்கு ஈடாகாது.

செய்த தப்பை மறைக்காதீர்கள். 41 கடைச் சம்பவத்தை நானே சொன்னேன். நேர்காணல் செய்யும் பக்கத்திலிருந்து பார்க்கும்போது எனக்கும் அதுதான் முக்கியமாகப் படுகிறது: தப்பு நடந்ததா என்பதைவிட, வாடிக்கையாளருக்கு யார் முதலில் சொன்னார்கள், மறுநாள் என்ன மாறியது.

ஏழாம் படி: சான்றும் காகிதமும்

மூடிப்போன நிறுவனத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது தனிச் சிக்கல். 20 பேருக்குக் குறைவான நிறுவனத்துக்கு வருங்கால வைப்பு நிதி கட்டாயமில்லை. அதனால் உங்கள் வேலைக்கான பதிவு அங்கே இல்லாமல் போகலாம். நிறுவனம் மூடும் முன்பே வேலையிலிருந்து விடுவித்ததற்கான கடிதம் கேட்டு வாங்குங்கள். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கில் சம்பளம் வந்த பக்கங்கள், வரி பிடித்திருந்தால் வருமான வரித் தளத்தில் உள்ள 26ஏ.எஸ். படிவம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள்.

சான்று சொல்ல இரண்டு பேரை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் பழைய நிறுவனர், இன்னொருவர் உங்கள் துறைக்கு வெளியே இருந்தவர். எனக்கு அந்த டெவலப்பர் பேசினார். என்ன கதை சொல்லப்போகிறேன் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லி, நாட்களும் எண்களும் சரிதானா என்று கேட்டேன். 12 என்று நான் நினைத்திருந்ததை 14 என்று அவர்தான் திருத்தினார்.

வேலை கிடைத்தபின் நீங்கள் கேட்க வேண்டியதும் இருக்கிறது. கையில் உள்ள பணம் எத்தனை மாதத்துக்கு வரும் என்று கேளுங்கள். நல்ல நிறுவனர் தயங்காமல் சொல்வார். பங்கு விருப்பம், அதாவது நிறுவனத்தின் பங்கைக் குறித்த விலைக்குப் பின்னால் வாங்கும் உரிமை, தருவதாகச் சொன்னால், எத்தனை பங்கு என்பது மட்டும் போதாது. நிறுவனத்தின் மொத்தப் பங்கு எத்தனை, வாங்கும் விலை என்ன, வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் வாங்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். இந்தியச் சட்டப்படி கொடுத்த நாளிலிருந்து குறைந்தது ஒரு வருடம் ஆகாமல் அவை உங்கள் கைக்கு வராது. அதனால் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளும் முன் அந்த ஒரு வருடம் நிறுவனம் தாங்குமா என்ற முதல் கேள்விக்கே திரும்பி வர வேண்டியிருக்கும்.

புது இடத்தில் சேர்ந்த அன்றே ஒரு நோட்டில் நான்கு பத்தி போட்டேன்: தேதி, எனக்குத் தெரியாதது, யாரிடம் கேட்டேன், யாரும் பார்க்காமல் தனியாகச் செய்த தேதி. வெள்ளிக்கிழமை மாலை பத்து நிமிடம் அதற்கு. முதல் வரியில் ‘பேட்ச் எண், காலாவதி தேதி, கிடங்குப் பொறுப்பாளர்’ என்று இருக்கிறது; நான்காவது பத்தி 19 நாள் கழித்து நிரம்பியது.